மாண்டலேயில் இருக்கும்போது நிலம் நடுங்கினால்: அறையிலிருந்து யாங்கோன் திரும்பும் வரை

2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை, பிற்பகல் 12.50 மணிக்கு மாண்டலேக்கு அருகே 7.7 அளவில் நிலம் நடுங்கியது. ஏறக்குறைய பன்னிரண்டு நிமிடம் கழித்து 6.7 அளவில் இன்னொரு அதிர்ச்சி வந்தது. இந்த வழிகாட்டி முழுவதும் அந்தப் பன்னிரண்டு நிமிடங்களைச் சுற்றியே நகரும். முதல் அதிர்ச்சியில் தப்பியவர் அந்த இடைவேளையில் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் இரண்டாவது அதிர்ச்சி அவரை எங்கே பிடிக்கும் என்பது அமைகிறது.

யாங்கோன், பெகு, மோல்மீன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் மகாமுனி, பகான், மேமியோ என்று வடக்கே சுற்றுலா போவது வழக்கம். தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினர்களையும் அங்கேதான் அழைத்துப் போகிறோம். அந்த வழித்தடத்தின் பெரும்பகுதி சகாயிங் நிலப்பிளவை ஒட்டியே செல்கிறது. நாட்டின் நடுவே வடக்குத் தெற்காக ஓடும் இந்தப் பிளவில் இருபுறத்து நிலமும் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக எதிரெதிர்த் திசையில் நகரப் பார்க்கிறது. பிடிப்பு இருக்கும் வரை இறுக்கம் சேர்கிறது, விட்டுப்போனால் நடுங்குகிறது. 1930 மே மாதம் பெகுவைத் தரைமட்டமாக்கிய நிலநடுக்கமும், 1956-இல் சகாயிங்கில் வந்ததும், 2012-இல் தபெயிக்யினில் வந்ததும் இதன் மேல்தான். 2016-இல் பகான் கோயில்களைச் சிதைத்தது மட்டும் வேறு வகை, ஆழத்தில் பிறந்தது. ஆகவே வடக்கே போகிறவர் நிலநடுக்கத்தையும் பயணத்தின் சாத்தியங்களில் ஒன்றாக எண்ணிக்கொள்ள வேண்டும்.

அறை எடுக்கும்போதே பார்க்க வேண்டியவை

வாடகையைப் பேசுவதற்கு முன் தெருவின் எதிர்ப்புறம் போய் நின்று ஹோட்டலின் தரைத்தளத்தைப் பாருங்கள். முன்புறம் முழுவதும் கடையாகவோ கார் நிறுத்துமிடமாகவோ திறந்து கிடந்து, மெல்லிய தூண்கள் மட்டும் நின்று, அவற்றின் மேல் செங்கல் சுவர்கள் நிறைந்த நான்கைந்து மாடிகள் இருந்தால், அது நிலநடுக்கத்துக்கு மிகவும் பலவீனமான அமைப்பு. மேல்மாடிகள் சுவர்களால் இறுகி ஒரே கட்டியாக அசையும். வளைவு முழுவதும் சுவரில்லாத கீழ்த்தளத்தூண்களின் மேல் விழும். அவை ஒடிந்தால் மேல்மாடிகள் அப்படியே இறங்கி உட்கார்ந்துவிடும். ஒன்றிரண்டு மாடி மட்டும் உள்ள விடுதியோ, மரத்தால் கட்டிய பழைய வீடோ கிடைத்தால், குளிர்சாதனம் இல்லாவிட்டாலும் நான் அதையே எடுப்பேன். மரமும் மூங்கிலும் நெளியும். விழுந்தாலும் கான்கிரீட் அளவுக்கு நசுக்காது.

அறைக்குள் நுழைந்ததும் கட்டிலைப் பாருங்கள். தலைமாட்டில் கண்ணாடிச் சன்னலோ கனமான படமோ இருந்தால் தலையணையை மறுபக்கம் மாற்றிப் போடுங்கள். படிக்கட்டு எங்கே இருக்கிறது, அதன் அடிக்கதவு இரவில் பூட்டப்படுகிறதா என்று கேளுங்கள். பல விடுதிகளில் இரவு பத்து மணிக்கு மேல் கீழே இரும்புக் கதவு இழுத்துப் பூட்டப்படும். சாவி யாரிடம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

செருப்பு விஷயத்தைக் குறிப்பாகச் சொல்கிறேன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவது நமக்கும் பர்மியருக்கும் பொதுவான பழக்கம். நிலநடுக்கத்துக்குப் பிறகு அறை முழுவதும் கண்ணாடித் தூள், நடைபாதையில் இருட்டு, உங்கள் செருப்பு எங்கோ மேல்பூச்சுக் குவியலுக்கு அடியில். பிறகு ஒரு வாரம் காயம்பட்ட காலோடு திறந்த வெளியில் கிடக்க நேரும். ஆகவே பயணத்தில் செருப்பு கட்டிலுக்கு அடியிலேயே, ஒரு துணிப்பையில் இருக்கட்டும். பகோடாவுக்குள் போகும்போதும் வாசலில் விடாமல் அந்தப் பையில் போட்டுக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதை யாரும் தவறாக நினைப்பதில்லை.

அந்தக் கட்டிலின் கால்மாட்டில் ஒரு சிறிய தோள்பை எப்போதும் தயாராகத் தொங்க வேண்டும். அடையாள அட்டை அல்லது பாஸ்போர்ட், சில்லறை நோட்டுகளாகக் கொஞ்சம் பணம், மூன்று நாள் மருந்து, டார்ச், சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க், ஒரு விசில், ஒரு லிட்டர் தண்ணீர். இதற்கு மேல் சேர்த்தால் பை கனத்துப் பெட்டிக்குள் போய்விடும். பையின் பயன் அது கைக்கெட்டும் இடத்தில் இருப்பதில்தான் இருக்கிறது. திரும்ப உள்ளே போக வேண்டிய காரணம் எதுவும் அறையில் மிச்சம் இருக்கக் கூடாது.

ஆடிக்கொண்டிருக்கும்போது

தரை ஆடும்போது ஓட முடியாது, விழத்தான் முடியும். நீங்களாகவே முழங்காலில் இறங்குங்கள். உறுதியான மேசை இருந்தால் அதன் அடியில் புகுந்து ஒரு காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேசை நகர்ந்தால் நீங்களும் அதோடு நகருங்கள். மேசை இல்லையெனில் சன்னலுக்கும் அலமாரிக்கும் விலகி, உள்சுவரை ஒட்டிக் குனிந்து, கழுத்தின் பின்புறத்தை இரு கைகளாலும் மூடுங்கள். கட்டிலில் இருப்பவர் எழுந்திருக்க வேண்டாம். குப்புறப் படுத்துத் தலையணையால் தலையை மூடினால் போதும். அலமாரியின் பக்கத்தில் ஒண்டினால் முக்கோண இடைவெளி காப்பாற்றும் என்று ஒரு படம் கைப்பேசிகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது. நம்பாதீர்கள். அலமாரி உங்கள் மேல்தான் முதலில் விழும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. நீங்கள் தரைத்தளத்தில், கம்பி வைத்துக் கட்டாத பழைய செங்கல் கட்டடத்தில் இருந்து, வாசல் நான்கைந்து எட்டில் இருந்து, வெளியே திறந்த வெளி இருந்தால், முதல் அசைவிலேயே வெளியேறிவிடலாம். தேநீர்க்கடையின் முன்வரிசை முக்காலியில் இருப்பவருக்கு இது பொருந்தும். மூன்றாம் மாடிக்காரருக்குப் பொருந்தாது. ஆடும்போது படிக்கட்டில் கால் வைப்பது மிகவும் ஆபத்து. கட்டடத்தின் மற்ற பகுதிகளோடு இசையாமல் தனியாக அசைவதால் படிக்கட்டு முதலில் பெயர்ந்துவிடக்கூடும்.

பகோடா வளாகத்தில் இருந்தால் கோபுரத்தின் உச்சிக் குடையும் செங்கல்லும்தான் விழும். அதன் உயரத்துக்குக் குறையாத தூரம் விலகி, முற்றத்தின் நடுவில் உட்காருங்கள். ஐராவதிக் கரையில் இருந்தால் கரையைவிட்டு உள்ளே நடந்துவிடுங்கள். ஈரமணல் குலுங்கும்போது குழம்பாகி, கரை ஆற்றை நோக்கிச் சரியும். தரையில் விரிசல் கண்டு அதிலிருந்து மணலும் நீரும் பொங்கினால் இதுதான் நடக்கிறது என்று அறியலாம். பஸ்ஸில் இருந்தால் ஓட்டுநர் பாலத்துக்கும் மின்கம்பிக்கும் அப்பால் நிறுத்தும்வரை உள்ளேயே இருங்கள். 1934-இல் திறக்கப்பட்ட பழைய ஆவா பாலம் அன்று ஆற்றில் சரிந்தது என்பதை நினைவில் வையுங்கள்.

இரண்டு அதிர்ச்சிகளுக்கு இடையில்

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டு அன்றைய நேரத்தோடு பார்ப்போம். யாங்கோனிலிருந்து வந்த கணவன், மனைவி, பத்து வயது மகன், எழுபது வயது தாய். ஹோட்டலின் இரண்டாம் மாடி. மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பும் நேரம்.

12.50. ஆட்டம் தொடங்குகிறது. மகனை மேசைக்கு அடியில் தள்ளி மனைவியும் புகுந்துகொள்கிறார். கணவன் தன் தாயிடம், "அம்மா, எழுந்திருக்காதீர்கள், படுத்தே இருங்கள்," என்று கத்தி அவர் தலைமேல் தலையணையைப் போட்டுவிட்டுத் தரையில் குனிகிறார். ஒரு நிமிடத்துக்கு மேல் நீடிக்கிறது.

12.52. ஆட்டம் அடங்கியதும் செருப்பு, பை. பெட்டிகளை விட்டுவிடுகிறார்கள். லிப்ட் இருக்கும் பக்கம் திரும்பவே இல்லை. கதவு சட்டத்தில் இறுகியிருந்தால் தோளால் இடிப்பதற்கு முன் கைப்பிடியை மேலே தூக்கி இழுத்துப் பார்க்க வேண்டும். சட்டம் கோணியிருக்கும்போது அதுவே பலமுறை திறக்க வைக்கும். படியில் இறங்கும்போது தாயாரை நடுவில் விட்டு, சுவரைத் தொட்டுக்கொண்டு வருகிறார்கள்.

12.55. தெருவில் நிற்கிறார்கள். பலர் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள், ஹோட்டல் வாசலிலேயே. சுவர், பெயர்ப்பலகை, மேலே தொங்கும் குளிர்சாதனப் பெட்டி, மின்கம்பி எல்லாம் அந்த வாசலுக்கு மேல்தான். மாண்டலேயின் நல்ல அம்சம் அதன் நேர்த்தெருக்கள். எந்தத் தெருவிலிருந்தும் நேராக நடந்து அகலமான சாலைக்கு வரலாம். அரண்மனை அகழியை ஒட்டிய சாலை இன்னும் அகலமானது. மார்ச் மாதம் பெருவாரியான மக்கள் தங்கியதும் அதை ஒட்டித்தான். கட்டடங்களிலிருந்து அவற்றின் உயரத்தைப் போல் ஒன்றரை மடங்கு விலகிய இடத்தைத் தேடுங்கள்.

13.02 அளவில் இரண்டாவது அதிர்ச்சி. இந்தக் குடும்பம் அப்போது சாலையில் உட்கார்ந்திருக்கிறது. தாயாரின் சர்க்கரை மாத்திரை பெட்டியில் இருந்திருந்தால், அதை எடுக்கப்போன கணவன் அந்த நிமிடத்தில் படிக்கட்டில் இருந்திருப்பார். முதல் அதிர்ச்சியில் வெடித்தும் நின்றுகொண்டிருந்த தூண்கள் இப்போதுதான் விடும். பெரிய நிலநடுக்கத்தைத் தொடர்ந்து, அதைவிட ஏறத்தாழ ஓர் அலகு குறைவான பின்னதிர்ச்சி ஒன்று வருவது பொதுவான போக்கு. 7.7-க்குப் பிறகு 6.7 என்பது அந்தப் போக்கிலேயே வருகிறது. அது பன்னிரண்டு நிமிடத்தில் வரலாம், பன்னிரண்டு நாள் கழித்தும் வரலாம்.

அக்கம்பக்கத்தில் யாரேனும் இடிபாட்டில் சிக்கியிருந்தால் சத்தம் வரும் இடத்தைக் குறித்து வைத்து, மீட்புக்காரர்களிடம் காட்டுங்கள். நீங்களே சிக்கினால் கத்திக் களைக்காதீர்கள். தூசி நெஞ்சுக்குள் போகும். குழாயிலோ சுவரிலோ மூன்று மூன்றாகத் தட்டுங்கள், விசிலை ஊதுங்கள். ஆள் நடமாட்டம் கேட்டால் மட்டும் "லூ ஷீ டே" என்று கூப்பிடுங்கள். 'ஆள் இருக்கிறது' என்று அங்குள்ளவருக்கு உடனே புரியும். கை கால் நெடுநேரம் நசுங்கிக் கிடப்பவரை வேகமாக இழுத்து விடுவிக்கக் கூடாது. நசுங்கிய தசையின் நச்சு சட்டென்று இரத்தத்தில் கலந்து இதயத்தை நிறுத்திவிடலாம். மருத்துவரோ பயிற்சி பெற்றவரோ பக்கத்தில் இருக்கும்போதுதான் பாரத்தைத் தூக்க வேண்டும்.

கட்டடத்தை எப்படிப் படிப்பது

பெட்டி, கைப்பேசிச் சார்ஜர், சமையலறை, குளியலறை என்று ஏதோ ஒரு காரணம் மனத்தை உள்ளே இழுக்கும். அன்று மாலைக்குள் அது தாங்க முடியாத அளவுக்கு வளரும். அப்போது வெளியிலிருந்து தூண்களைப் பாருங்கள். மேல்பூச்சில் மயிரிழை அளவு விரிசல், செங்கல் சுவரின் ஓரத்தில் தூணோடு பிரிந்த கோடு, இவை பெரும்பாலும் அழகுக் குறைதான். தூணில் சாய்வாக ஓடும் விரிசல், குறுக்கே வெட்டிக்கொண்டு பெருக்கல் குறிபோல் நிற்கும் விரிசல், காரை உதிர்ந்து கம்பி தெரிவது, தூணின் தலையோ அடியோ நொறுங்கியிருப்பது, தளம் சாய்ந்திருப்பது, முன்பு திறந்த கதவு இப்போது திறக்க மறுப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் உள்ளே போகக் கூடாது. ஹோட்டல் பணியாளர் "ஒன்றுமில்லை, ஐந்தே நிமிடம்" என்று சொல்வார். அவருக்கும் தெரியாது, வாடிக்கையாளரைச் சமாதானம் செய்வது அவர் வேலை.

இதற்கு வரம்பு உண்டு. வெளியிலிருந்து நல்லதாகத் தெரியும் தூண் உள்ளே எப்படி என்று நம்மால் சொல்ல முடியாது. அடுத்த இரவுகளை வெளியில் கழிப்பதுதான் சரியான முடிவு. பின்னதிர்ச்சிகளின் எண்ணிக்கை நாளுக்கு நாள் குறையும். பத்தாம் நாளில் முதல் நாளின் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும் என்பது நிலநடுக்க ஆய்வாளர்கள் பயன்படுத்தும் பொது விதி. குறையும் என்றுதான் அது சொல்கிறது, நின்றுவிடும் என்று சொல்லவில்லை. மரவீட்டில் இரண்டு மூன்று நாளில் படுக்கலாம். பல மாடிக் கட்டடத்துக்குப் பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொன்ன பிறகே.

கோயில்களில் தங்க இடம் கேட்பது நம்மவர் வழக்கம். கேளுங்கள், நிச்சயம் சோறும் கிடைக்கும். ஆனால் கோபுரத்தின் அடியிலோ மண்டபத்துக்குள்ளோ படுக்காமல், முற்றத்தின் நடுவில் பாய் விரியுங்கள்.

முதல் இரவு

மார்ச், ஏப்ரலில் மாண்டலேயில் வெயில் 40 பாகையை எட்டும். அன்றும் மக்கள் சாலையில் கிடந்தபோது தண்ணீரும் நிழலும்தான் பெரிய கேள்வியாக இருந்தன. குழாய் நின்றுவிடும், மின்சாரம் போய்விடும், அதனால் பம்பு ஓடாது. பெரியவர் ஒருவருக்கு அந்த வெப்பத்தில் நாளுக்கு மூன்று நான்கு லிட்டர் வேண்டும். எனவே நால்வர் கொண்ட குடும்பத்துக்கு 20 லிட்டர் போத்தல் ஒன்று ஒரு நாளைக்குச் சற்று மேல்தான் வரும். கடைகள் திறந்திருக்கும் முதல் ஒரு மணி நேரத்தில் முதலில் இதை வாங்குங்கள், பிறகுதான் பிஸ்கட்.

போத்தல் தீர்ந்துவிட்டால் கொதிக்க வைப்பதே சிறந்தது. விறகு இல்லையென்றால் மணமில்லாத வெள்ளைத் துணி வெளுக்கும் திரவம், 5 அல்லது 6 சதவீதச் செறிவுள்ளது, லிட்டருக்கு இரண்டு சொட்டு விட்டு அரை மணி நேரம் விடுங்கள். கலங்கலாக இருந்தால் துணியில் வடிகட்டிவிட்டு நான்கு சொட்டு. அரை மணி கழித்து மெல்லிய குளோரின் வாசனை வர வேண்டும். வராவிட்டால் அதே அளவு மறுபடியும் விட்டு இன்னும் கால் மணி நேரம் பொறுங்கள்.

பணம் இன்னொன்று. மின்சாரம் போனால் ஏடிஎம் நிற்கும், கைப்பேசிப் பணமும் நிற்கும். அந்நேரத்தில் கையில் இருக்கும் கியாட் நோட்டு மட்டும்தான் செல்லும், அதுவும் சில்லறையாக. பெரிய நோட்டுக்கு மீதி தர எந்தக் கடையிலும் இருக்காது.

வெளியில் தூங்கும்போது கொசுவலை, மூட்டைகளை நடுவில் வைத்துச் சுற்றிப் படுப்பது, இரவில் மாறிமாறி ஒருவர் விழித்திருப்பது இவற்றை நீங்களே அறிவீர்கள். ஊரடங்கு நேரம் அமலில் உள்ள நகரம் என்றால் மாலைக்குள் இடத்தைத் தேர்ந்து அதைவிட்டு நகராதீர்கள். இருட்டில் வாகனத்தில் அலைபவரை யாரும் நிலநடுக்க அகதி என்று முதலில் நினைக்க மாட்டார்கள்.

செய்தி அனுப்புவது

அழைப்புகள் போகாது. எல்லாரும் ஒரே நேரத்தில் அழைப்பதாலும் கோபுரங்கள் மின்சாரமின்றி நிற்பதாலும் பாதை அடைத்துப் போகும். குறுஞ்செய்தி வரிசையில் நின்று இடம் கிடைக்கும்போது போகும். ஆகையால் யாங்கோனில் ஓர் உறவினரைப் பயணத்துக்கு முன்பே தொடர்பாளராகச் சொல்லி வையுங்கள். நீங்கள் ஒருவருக்கு எழுதினால் போதும், சென்னை அண்ணனுக்கும் சிங்கப்பூர் அத்தைக்கும் அவர் சொல்வார். செய்தி இப்படி இருக்கட்டும்: "நால்வரும் நலம். அகழிச் சாலையில், தென்மேற்கு மூலை. இன்று இரவு இங்கேதான். மீண்டும் நாளை காலை 7 மணிக்கு." இடம், நிலை, அடுத்த தொடர்பு நேரம் மூன்றும் இருந்தால் அவர்கள் நாற்பது முறை அழைத்து உங்கள் பேட்டரியைத் தின்ன மாட்டார்கள். இடைநேரத்தில் கைப்பேசியை விமானப் பயன்முறையில் வையுங்கள்.

காவல்துறைக்கு 199, தீயணைப்புக்கு 191, ஆம்புலன்சுக்கு 192. லைன் கிடைக்காமல் போகவே வாய்ப்பு அதிகம் என்பதால் காயம்பட்டவரை அருகிலுள்ள மருத்துவமனைக்கு நீங்களே கொண்டு போகத் தயாராகுங்கள். மருத்துவர்கள் முற்றத்திலேயே சிகிச்சை தருவார்கள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் மாண்டலேயில் உள்ள இந்தியத் தூதரகக் கிளையிடம் தம் பெயரைப் பதிய வேண்டும்.

அடுத்த பெரிய நடுக்கம் இன்ன தேதியில் என்று சொல்பவரைத் தள்ளுங்கள். 2025 ஏப்ரல் 21-இல் பேரழிவு வரும் என்று ஒரு ஜோதிடர் டிக்டாக்கில் சொன்னதை நம்பிப் பலர் வீட்டைவிட்டு வெளியே இரவைக் கழித்தனர். பிறகு அந்த ஜோதிடர் கைதானார். தேதி சொல்ல இன்றுவரை எந்தக் கருவியாலும் முடியவில்லை.

புறப்படுவது

முதல் நாளே ஊர் திரும்பத் துடிப்பது இயல்பு. அதே நாளில் மாண்டலே, நேப்பிடோ விமான நிலையங்கள் இரண்டும் மூடப்பட்டன, நேப்பிடோவில் கட்டுப்பாட்டுக் கோபுரமே விழுந்தது. யாங்கோன் விரைவுச்சாலையிலும் வெடிப்புகள் விழுந்தன. எனவே டிக்கெட்டுக்கு அலையாமல், யாங்கோன் பக்கத்திலிருந்து அன்றே வந்த ஓட்டுநர் ஒருவரைக் கண்டுபிடித்து, எந்தப் பாலத்தில் இறங்கி நடக்க வேண்டியிருந்தது, எத்தனை மணி பிடித்தது என்று கேளுங்கள். ஓட்டுநர் அவரே ஓட்டி வந்த பாதையைச் சொன்னால் மட்டும் நம்புங்கள், "திறந்திருக்கிறதாம்" என்றால் வேண்டாம்.

பகலில் மட்டும் புறப்படுங்கள். வாகனத்தில் முழுத் தொட்டி எரிபொருளும், ஒரு நாளைக்குரிய தண்ணீரும் இருக்கட்டும். பாதி வழியில் பெட்ரோல் நிலையங்கள் மின்சாரம் இன்றி நிற்கும். ஆற்றைக் கடந்து சகாயிங் பக்கம் போவதை அறவே தவிருங்கள். அந்தப் பகுதியில் சண்டையும் சோதனைச் சாவடிகளும் நிலநடுக்கத்துக்காக நிற்கவில்லை. சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை முதலிலேயே கையில் எடுத்து வையுங்கள். இடிபாடுகளின் படங்கள் கைப்பேசியில் நிறைய இருந்தால் அதிகாரி கேட்கும் கேள்விகளும் நீளும்.

போகுமுன் தங்கிய ஹோட்டலின் பணியாளரையோ உரிமையாளரையோ தேடிப்பிடித்து, பெயரையும் அறை எண்ணையும் சொல்லி, நீங்கள் வெளியேறிவிட்டீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். தூதரகத்தில் பதிந்திருந்தால் அங்கும் சொல்லுங்கள். கட்டடம் விழுந்திருந்தால் மீட்புக்குழு விருந்தினர் பதிவேட்டை வைத்துத்தான் யாரைத் தேடுவதென்று முடிவு செய்யும். சொல்லாமல் போனவருடைய அறையை நோக்கி அவர்கள் கான்கிரீட்டை அறுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில், பக்கத்து அறையில் உண்மையிலேயே ஒருவர் உயிரோடு இருக்கலாம்.